நான்கு வடங்கள்: கண்டதேவித் தேர் பற்றிய குறும்படத்திற்கு எழுதிய உரை



இந்த நினைவுச் சொற்பொழிவில் ஒரு திருவிழாவின் வரலாற்றைப் பேச இருக்கிறோம். சிவகங்கை மாவட்டம் தேவகோட்டைக்கு அருகில் உள்ள கண்டதேவி, அங்குள்ள சொர்ணமூர்த்தீசுவரர் கோயில், அதன் ஆனித் திருவிழாத் தேர் ஆகியவை பற்றிக் குறும்படம் ஒன்றுக்குப் பின்னணிக் குரல் உரை எழுதினோம். உரை சில பக்கங்கள்தான். ஆனால் அதன் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் 'இதை எந்தச் சான்றை வைத்துச் சொல்கிறோம்?' என்று ஓரத்தில் எழுதிக்கொண்டே போனோம். அந்த ஓரக் குறிப்புகளின் விரிவுதான் இந்த உரை.

படத்தின் முதல் வாக்கியங்கள் இவை: "இது தேர். இதிலிருந்து நான்கு வடங்கள் புறப்படுகின்றன. ஒவ்வொரு வடத்துக்கும் ஒரு பெயர் உண்டு. உஞ்சனை, செம்பொன்மாரி, இரவுசேரி, தென்னிலை." சுற்றியுள்ள ஊர்கள் இந்த நான்கு 'நாடு'களாகப் பிரிந்திருக்கின்றன. நாட்டுக்கொரு வடம் என்பது வழக்கம். நாட்டுத் தலைவர்களான அம்பலங்கள் கோயிலில் முதல் மரியாதை பெறுவார்கள். அதன் பிறகே வடம் பிடிக்கப்படும். நாட்டார் எனப்படுவோர் பெரும்பாலும் கள்ளர் சமூகத்தினர். கோயில் சிவகங்கை சமஸ்தான தேவஸ்தானத்தைச் சேர்ந்தது. 1998 முதல் உலகம் அறிந்த பிரச்சினையை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: அந்த நாடுகளுக்குள்ளேயே வாழும் தலித்துகள், பெரும்பாலும் பள்ளர்கள், அந்த வடத்தைப் பிடிக்கலாமா?

'தலித்' என்ற சொல்லைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். தேவேந்திரகுல வேளாளர் எனத் தம்மை அழைத்துக்கொள்ளும் பலர் இந்தச் சொல்லைத் தங்களுக்கு ஏற்பதில்லை. நீதிமன்ற ஆவணங்களிலும் நாளிதழ்களிலும் இந்த வழக்கு தலித் உரிமை வழக்காகவே பதிவாகியிருப்பதால் படத்தின் உரையில் அந்தச் சொல்லை வைத்துக்கொண்டோம். மக்கள் தம் வாயால் பேசும் இடங்களில் அவர்கள் சொல்லும் பெயரை மாற்றவில்லை.

முதல் வரைவில் இரண்டாவது வாக்கியம் "காலங்காலமாக" என்று தொடங்கியிருந்தது. கோயில் பற்றிய எந்த ஆவணப்படத்திலும் இந்தச் சொல் தானாகவே வந்து உட்கார்ந்துகொள்ளும். அதை எடுத்துவிட்டோம். கண்டதேவிக்குத் தலபுராணம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அதைக் கண்டதேவிப் புராணமாகப் பாடியிருக்கிறார். இறைவனுக்குச் சிறகிலிநாதர் என்றும் ஒரு பெயர் இருப்பதற்குச் சடாயுவின் கதையைக் காரணமாகச் சொல்கிறார்கள். தலபுராணம் என்ற இலக்கிய வகையின் வேலை தலம், மூர்த்தி, தீர்த்தம் ஆகியவற்றின் பெருமையைச் சொல்வது. எந்த வடம் எந்தச் சாதிக்கு என்று தீர்ப்பதற்கு அதைச் சாட்சியாக நிறுத்த முடியாது. கோயில் பழமையானது என்பதைக் காட்டிவிட்டு, ஆகவே வடத்தின் முறையும் அதே அளவு பழமையானது என்று கேட்பவரை நம்பவைப்பதுதான் "காலங்காலமாக" செய்யும் காரியம். இவை இரண்டு வெவ்வேறு கூற்றுகள், இரண்டுக்கும் தனித்தனிச் சான்று வேண்டும்.

'நாடு' என்ற சொல்லில்தான் அதிக நேரம் செலவிட்டோம். சோழர் காலக் கல்வெட்டுகளில் நாடு என்பது வேளாண் ஊர்கள் பலவற்றின் தொகுதி, நாட்டார் என்பது அந்த ஊர்களின் நிலவுடைமையாளர் கூட்டம். எ. சுப்பராயலு முதலான கல்வெட்டு ஆய்வாளர்கள் இதை விரிவாகக் காட்டியிருக்கிறார்கள். நாட்டுக்குள் குடியிருப்பது வேறு, நாட்டாராக இருப்பது வேறு. வயலில் உழைத்தவர் நாட்டில் இருந்தார், நாட்டாரில் இல்லை. பின்னாளில் பாளையங்களும் ஜமீன்களும் எழுந்த இராமநாதபுரம், சிவகங்கை, புதுக்கோட்டைப் பகுதிகளில் கள்ளர் குடிகளின் நாடுகள் வலுப்பெற்றன. அரசனிடமோ கோயிலிடமோ பெறும் மரியாதைதான் ஒரு தலைவனைத் தலைவனாக்கியது. பரிவட்டமும் முதல் திருநீறும் வெறும் அலங்காரமாக இருக்கவில்லை. நிலம், நீர், பஞ்சாயத்து ஆகியவற்றின் மீதான அதிகாரத்தை ஆண்டுக்கு ஒருமுறை எல்லோர் கண்முன்னும் புதுப்பித்துத் தரும் பத்திரமாகவே அவை இருந்தன. கோயில் மரியாதை பற்றி அர்ஜுன் அப்பாதுரையும் கரோல் பிரெக்கன்ரிட்ஜும் 1976-இல் எழுதிய கட்டுரையைச் சமூகவியல் மாணவர்கள் படித்திருப்பீர்கள். கண்டதேவியின் நான்கு வடங்களைப் புரிந்துகொள்ள அது உதவுகிறது.

இங்கே நாட்டார் தரப்பின் வாதத்தை அதன் முழு வலிமையோடு சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தோம். எதிர்த்தரப்பைப் பலவீனமாகக் காட்டி அதை வெல்வது எளிது, அப்படி எடுக்கும் படம் மறுநாளே உதிர்ந்துவிடும். உரையில் அந்த வாதம் இப்படி வருகிறது: "வடம் நாட்டுக்கு உரியது, தனியாளுக்கு உரியதல்ல. நான்கு நாட்டுக்குள் பல சாதிகள் இருக்கின்றன. எந்தச் சாதியும் தன் சாதியின் பெயரால் வடம் கேட்பதில்லை. ஊர் ஒற்றுமைக்காக முன்னோர் செய்த பங்கீடு இது. வெளியிலிருந்து வரும் கட்சிகள் அதைக் கலைக்கின்றன என்கிறார்கள் நாட்டார்." இதற்கு அடுத்த வாக்கியத்தை நாங்கள் பதிலாக எழுதவில்லை, கேள்வியாகவே எழுதினோம்: "உஞ்சனையில் பிறந்து, உஞ்சனை வயலில் நாற்று நட்டு, உஞ்சனைச் சுடுகாட்டில் எரிபவர் உஞ்சனை நாட்டைச் சேர்ந்தவரா, இல்லையா?" சேர்ந்தவர் என்றால் நாட்டாரின் வாதப்படியே அவருக்கும் அந்த வடத்தில் பங்கு உண்டு. சேராதவர் என்றால், நாடு என்பது ஊர் அல்ல, சாதி என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். கண்டதேவி வழக்கின் முடிச்சு இதுதான் என்று நினைக்கிறோம்.

வழக்கம் எப்படிச் சட்டமானது என்பதற்கு இதே வட்டாரத்திலிருந்து ஒரு பழைய வழக்கைப் படத்தில் சேர்த்தோம். 1897-இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் சிலர் நுழைந்து வழிபட்டார்கள். இராமநாதபுரம் சேதுபதி தரப்பு வழக்குத் தொடுத்தது. கீழ்நீதிமன்றத்திலிருந்து இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்ற அந்த வழக்கு 1908-இல் நாடார்களுக்கு எதிராக முடிந்தது. ராபர்ட் ஹார்ட்கிரேவ் நாடார்கள் பற்றிய தம் நூலில் இதை விவரித்திருக்கிறார். அன்றைய நீதிமன்றங்கள் நீதி எது என்று கேட்கவில்லை, மாமூல் எது என்றுதான் கேட்டன. மாமூலுக்குச் சாட்சி சொல்லக்கூடியவர்கள் யார்? அர்ச்சகர், கணக்கர், ஜமீன் அலுவலர், ஊர்ப் பெரியவர். உள்ளே இருந்தவர்களின் நினைவு ஆவணமானது. வெளியே நிறுத்தப்பட்டவர்கள் வெளியே நின்றதே அவர்களுக்கு எதிரான ஆதாரமானது. இன்று கோயில் தகராறுகளில் "பழக்க வழக்கப்படி" என்று ஒரு தாசில்தார் கையெழுத்துப் போடும்போது இந்த வரலாறும் அந்தக் கோப்பில் இருக்கிறது.

ஒதுக்கப்பட்டவர்களுக்கும் தேர்வடத்துக்கும் உள்ள உறவு எல்லா இடத்திலும் விலக்கலாகவே இருந்ததில்லை என்பதையும் படத்தில் சொல்கிறோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பல மாவட்டங்களில் பெரிய தேர்களை இழுக்கப் போதிய ஆள் இருக்காது. கம்பெனி அதிகாரிகள் ஊர்களிலிருந்து ஆட்களைக் கட்டாயமாகத் திரட்டித் தந்தார்கள். இதை எதிர்த்துக் கிறித்துவ அமைப்புகள் 1830-களில் அரசுக்கு மனுக்கள் கொடுத்தன. கோயில் நிர்வாகத்திலிருந்து கம்பெனி விலகியதற்கு அந்த எதிர்ப்பும் ஒரு காரணம். அதாவது வடம் பிடிப்பது ஒரு காலத்தில், சில இடங்களில், தப்பிக்க முடியாத ஊழியமாக இருந்தது. இது கம்பெனியின் நேரடி ஆட்சியில் இருந்த மாவட்டங்களின் செய்தி. சிவகங்கை ஜமீன். அதனால் இதைக் கண்டதேவிக்கு அப்படியே ஒட்டாமல் "வேறு மாவட்டங்களில்" என்ற சொற்களோடுதான் உரையில் வைத்தோம். ஆனாலும் இது தேவைப்பட்டது. ஊழியமாக இருந்தபோது எந்தக் கை தீட்டு என்று யாரும் பார்க்கவில்லை. மரியாதையாக ஆனபோதுதான் கைகளை எண்ணத் தொடங்கினார்கள்.

அடுத்து, இந்த வட்டாரத்தைப் பற்றி அச்சில் வந்த சான்றுகளில் மிக வலிமையானதற்கு வருகிறோம். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே. எச். ஹட்டன், பிறகு எழுதிய 'இந்தியாவில் சாதி' என்ற நூலில், இராமநாதபுரத்தில் கள்ளர்கள் 1930 டிசம்பரில் விதித்த எட்டுத் தடைகளைப் பட்டியலிட்டிருக்கிறார். தங்கம், வெள்ளி நகை கூடாது; ஆண்கள் முழங்காலுக்குக் கீழே துணி உடுத்தக் கூடாது, சட்டை போடக் கூடாது, முடியைக் கிராப்பு வெட்டக் கூடாது; மண்பாத்திரம்தான் புழங்க வேண்டும்; பெண்கள் மேலுடம்பை மறைக்கக் கூடாது, பூவும் மஞ்சளும் கூடாது; குடையும் செருப்பும் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன, தானியக் களஞ்சியங்களும் உடைமைகளும் அழிக்கப்பட்டன, ஆடுமாடுகள் கொள்ளையடிக்கப்பட்டன என்றும் எழுதுகிறார். 1931 ஜூனில் இன்னும் பதினொன்று சேர்க்கப்பட்டது. பிள்ளைகள் படிக்கக் கூடாது என்பதும், சொந்த நிலத்தை மிராசுதாருக்குக் குறைந்த விலையில் விற்றுவிட வேண்டும் என்பதும் அதில் இருக்கின்றன. ஆதிதிராவிடர், தேவேந்திரகுல வேளாளர் என்ற இரு பெயர்களும் அந்தப் பட்டியலிலேயே வருகின்றன.

இந்தப் பட்டியலை மேடைகளில் வாசிக்கும்போது வழக்கமாக எல்லோரும் சட்டையோடும் செருப்போடும் நின்றுவிடுவார்கள். எங்கள் கவனம் கடைசி இரண்டு தடைகளில் நின்றது. திருமணத்திலும் பிற விசேடங்களிலும் மேளம் வைக்கக் கூடாது. தாலி கட்டுவதற்கு முன் குதிரையில் ஊர்வலம் போகக் கூடாது. வீட்டுக் கதவைத்தான் பல்லக்காகப் பயன்படுத்த வேண்டும். தெருவில் யார், எதன் மேல், எந்த ஓசையோடு நகரலாம் என்பதற்கான சட்டம் இது. தேரும் தெருவில்தான் நகர்கிறது. ஹட்டனின் பட்டியலில் கண்டதேவியின் பெயர் இல்லை, தேர்வடம் பற்றிய வரியும் இல்லை. ஆகவே "கண்டதேவியில் 1930-இல் தடை விதிக்கப்பட்டது" என்று உரையில் எழுதவில்லை. "தேர் ஓடிய வட்டாரத்தில் 1930-இல் நிலவிய உறவு இது" என்று எழுதினோம். இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் உள்ள இடைவெளியைக் காப்பாற்றுவதுதான் வரலாறு எழுதுபவர் செய்ய வேண்டிய வேலை. நாம் அதைத் தாண்டிவிட்டால், நமக்கு எதிராகப் பேசுபவர் அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு முழுப் படத்தையும் தள்ளிவிடுவார்.

1939 ஜூலை 8 அன்று மதுரை மீனாட்சி கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் தலைமையில் நடந்த நுழைவையும், அதையொட்டி வந்த சட்டத்தையும், 1947-இன் ஆலய நுழைவுச் சட்டத்தையும் படம் அரை நிமிடத்தில் கடந்துபோகிறது. அவை சிறியவை என்பதால் அல்ல. அந்தச் சட்டங்கள் வாசலைப் பற்றிப் பேசின. கண்டதேவியில் தகராறு வாசலில் இல்லை, வீதியில் இருந்தது. வடம் கிடந்தது கோயில் மதிலுக்கு வெளியே.

வீதியைப் பற்றியும் சட்டம் பேசியிருக்கிறது. 1955-இன் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் 1976-இல் திருத்தப்பட்டுக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் ஆனது. அதன் 4-ஆவது பிரிவின்படி, சமய, சமூக, பண்பாட்டு ஊர்வலங்களில் பங்கேற்பதையும் அவற்றை நடத்துவதையும் தீண்டாமையின் பெயரால் தடுப்பது குற்றம். சில ஆண்டுகளே கழிந்து, 1979-இல், கண்டதேவித் தேரின் நான்கு நாடுகளில் ஒன்றான உஞ்சனையில் கோயில் விழாவில் பங்கு கேட்ட தகராறில் தலித்துகள் ஐந்து பேர் கொல்லப்பட்டார்கள். அது கண்டதேவித் தேரில் நடந்ததல்ல, அந்த ஊரின் புரவி எடுப்பை ஒட்டி நடந்தது. களிமண் குதிரையைச் சுமந்துபோகும் விழா. 1931-இன் தடைப் பட்டியலிலும் குதிரை இருந்தது. படத்தில் இதற்கு இசை வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். "1979. உஞ்சனை. ஐந்து பேர்." அதற்குப் பிறகு சில நொடிகள் மௌனம். 1998-இல் தேர் நின்றதைச் சொல்லும்போது பலர் கதையை அங்கிருந்தே தொடங்குகிறார்கள். அதற்கு முன்பே வடத்தைக் கேட்காமல் இருந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. கேட்காமல் இருந்ததை 'இணக்கம்' என்று எழுதக் கூடாது.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் தென்மாவட்டங்களில் புதிய தமிழகம் முதலான அமைப்புகள் வளர்ந்த காலத்தில் வடம் பிடிக்கும் உரிமை பொதுவில் கேட்கப்பட்டது. 1998-இல் சென்னை உயர் நீதிமன்றம் தலித்துகளின் பங்கேற்பை உறுதிசெய்யச் சொன்னது. அதற்குப் பின் சில ஆண்டுகள் தேர் ஓடவில்லை. ஓடிய ஆண்டுகளில் பெரும் காவல் படைக்கு நடுவே, முன்கூட்டித் தேர்ந்தெடுக்கப்பட்ட சிறு எண்ணிக்கையிலான தலித்துகள் வடத்தைத் தொட்டார்கள். அரசு அதைப் பங்கேற்பு என்றது. தலித் அமைப்புகள் அடையாளச் சடங்கு என்றன. இரண்டையும் அந்தந்தப் பெயரில் உரையில் கொடுத்தோம். எங்கள் கருத்தை மறைக்கவில்லை. மற்றவர்கள் தங்கள் விருப்பப்படி கூட்டமாக வரும்போது, ஒரு பிரிவினர் மட்டும் எண்ணி அழைத்துவரப்பட்டால், அந்த எண்ணிக்கையே வேறுபாடு. குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 3-ஆவது பிரிவு வழிபாட்டுரிமையைப் பற்றிப் பேசும்போது, மற்றவர்களுக்கு அனுமதிக்கப்பட்ட அதே முறையிலும் அதே அளவிலும் என்று அளவுகோலை வைக்கிறது. எல்லாச் சேவையும் எல்லோருக்கும் என்று சட்டம் சொல்லவில்லை என்பதும் உண்மை. வெங்கடரமண தேவரு வழக்கில் உச்ச நீதிமன்றம், கோயிலை எல்லா இந்துக்களுக்கும் திறந்துவிடுவதை உறுதிசெய்த அதே தீர்ப்பில், சில சடங்குகளை ஒரு சமயப் பிரிவினருக்கு மட்டும் ஒதுக்க இடம் கொடுத்தது. நாட்டார் தரப்புக்கு ஏற்ற வாதம் இங்கே இருக்கிறது என்று தோன்றலாம். ஆனால் தேரிழுப்பது கருவறைச் சடங்கு அல்ல; நாட்டாரும் தனிச் சமயப் பிரிவினர் அல்லர்.

2006-க்குப் பிறகு வந்தது நீண்ட நிறுத்தம். தேர் பழுது, திருப்பணி, புதிய தேர் என்று காரணங்கள் சொல்லப்பட்டன. தேர் உண்மையிலேயே பழுதடையும். மரச் சக்கரமும் அச்சும் வெயிலிலும் மழையிலும் இற்றுப்போகும். பழுதான தேரை ஓட்டுவது உயிருக்கு ஆபத்து. ஆகவே "பழுது என்று பொய் சொன்னார்கள்" என்று எழுத முடியாது, எழுதவும் இல்லை. எங்கள் வாக்கியம் இது: "பழுது இருந்தது. அதைச் சரிசெய்து தேரை ஓட்டப் பதினேழு ஆண்டுகள் ஆயின." தச்சருக்கு எவ்வளவு காலம் தேவைப்பட்டது, மீதிக் காலம் எதற்குப் போனது என்பதைப் பார்ப்பவர் யோசிக்கட்டும். அந்தப் பதினேழு ஆண்டுகளில் வடம் யாருக்கும் மறுக்கப்படவில்லை, ஏனென்றால் யாருக்கும் வடம் இல்லை. சமமாகப் பகிர்வதைவிட விழாவே வேண்டாம் என்று நிறுத்துவதைத் தமிழ்நாட்டின் பல ஊர்களில் பார்த்திருக்கிறோம். கோயிலைப் பூட்டிச் சீல் வைக்கும் நிர்வாகத்துக்கும் அது வசதியான ஏற்பாடு.

இந்த இடைவெளியில் சட்டமும் நகர்ந்தது. 1989-இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-இல் கொண்டுவந்த திருத்தம் 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. பொது வழிபாட்டிடத்தில் நுழைவதையும் சமய ஊர்வலங்களில் பங்கேற்பதையும் தடுப்பது அதில் தனிக் குற்றமாகவே எழுதப்பட்டிருக்கிறது. திருவிழாக்களையும் அந்தப் பிரிவு பெயர் சொல்லிச் சேர்க்கிறது. களத்தில் வேலை செய்யும் தோழர்கள் புகார் எழுதும்போது 'கோயிலுக்குள் விடவில்லை' என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். தேர், சப்பரம், முளைப்பாரி, பால்குடம் என்று வீதியில் நடப்பவற்றுக்கும் இந்தப் பிரிவு பொருந்தும் என்பதைக் கவனியுங்கள்.

உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நடந்த வழக்குகளின் தொடர்ச்சியாக 2024 பிப்ரவரியில் புதிய தேரின் வெள்ளோட்டம் நடந்தது. 2024 ஜூன் 21 அன்று பலத்த காவலோடு தேர் ஓடியது. எல்லாச் சமூகத்தினரும் வடம் பிடித்ததாக நாளிதழ்கள் எழுதின. படத்தின் கடைசிப் பகுதி இதுதான். இதை வெற்றி என்று அறிவிக்கும் ஒரு வரியை வைக்கலாமா என்று எங்களுக்குள் நீண்ட வாக்குவாதம் நடந்தது. காவல் இல்லாமல், பட்டியல் இல்லாமல், மாவட்ட ஆட்சியரின் சமாதானக் கூட்டம் இல்லாமல் ஒரு தேர் ஓடும்வரை அந்தச் சொல் வேண்டாம் என்றார்கள் சிலர். 1979-ஐப் பார்த்தவர்கள் உயிரோடு இருந்து 2024-ஐயும் பார்த்திருக்கிறார்கள், அதைச் சிறிதாக்கக் கூடாது என்றார்கள் மற்றவர்கள். இறுதியில் உரையில் நின்ற வரிகள் இவை:

"2024 ஜூன் 21. தேர் நிலையிலிருந்து நகர்ந்தது. நான்கு வடங்கள். இந்த முறை யாருடைய கை எந்த வடத்தில் இருந்தது என்பதைக் காவல்துறை படம் எடுத்து வைத்திருக்கிறது. தேர் வீதிகளைச் சுற்றி நிலைக்கு வந்தது."